ஊசி போய்ச் சேரும் இடம்: மருத்துவக் கழிவுப் பிரிப்பும் குத்துக்காயத்துக்குப் பின் வரும் மணி நேரங்களும்

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செய்முறைத் தேர்வில் மேசை மேல் பஞ்சு, கையுறை, சிரிஞ்சு, ஆம்பூல், குளுக்கோஸ் செட் என்று சில பொருள்களை வைத்து, எது எந்தப் பையில் போகும் என்று கேட்பார்கள். மாணவர்கள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று தடங்கலின்றிச் சொல்வார்கள். அடுத்த மேசையில் கூர்பொருள்களைக் கையாளும் முறை, அதற்கடுத்த மேசையில் ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி. மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் போடப்படுகிறது. வகுப்பிலும் இவை மூன்று தனிப் பாடங்களாகவே நடக்கின்றன.

வார்டில் இவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். நோயாளியின் இரத்தக் குழாயிலிருந்து வெளியே வந்த ஊசி உரிய டப்பாவுக்குள் விழும்வரை உள்ள சில விநாடிகளில் அந்தச் சங்கிலி எங்கே அறுகிறதோ, அங்கேதான் காயம் ஏற்படுகிறது. இரத்தம் எடுக்கப் பயன்படும் உட்துளை ஊசி ஒன்றின் பாதையைப் பின்தொடர்ந்து, விதிகள் என்ன சொல்கின்றன, அவற்றின் காரணம் என்ன, நடைமுறையில் அவை எங்கே பிசகுகின்றன, பிசகிய பின் செய்ய வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நான்கு நிறங்களும் அவற்றின் காரணமும்

இந்தியாவில் மருத்துவக் கழிவுக்கென்று தனி விதிகள் முதலில் 1998இல் வந்தன. இப்போது நடப்பில் உள்ளவை 2016 மார்ச் 28 அன்று அறிவிக்கப்பட்ட உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். 2018இலும் 2019இலும் அவற்றில் சில திருத்தங்கள் செய்யப்பட்டன. நிறங்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு நிறத்துக் கழிவும் கடைசியில் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. போகும் இடம் தெரிந்தால் நிறம் தானாக நினைவில் நிற்கும்.

மஞ்சள் பை நெருப்புக்குப் போகிறது. உடல் உறுப்புகள், இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும், இரத்தப் பைகள், காலாவதியான மருந்துகள் ஆகியவை இதில் சேரும். இவை பெரும்பாலும் எரிசூளையில் எரிக்கப்படுகின்றன.

சிவப்புப் பை நெருப்புக்குப் போகவே கூடாது. குளுக்கோஸ் செட்டின் குழாய், சிறுநீர்ப் பை, கதீட்டர், ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை ஆகியவை இதில் சேரும். இவை ஆட்டோகிளேவில் கிருமி நீக்கப்பட்டு, துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, மறுசுழற்சிக்கு அனுப்பப்படுகின்றன. பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைச் சரியாக எரிக்காவிட்டால் டையாக்சின், பியூரான் என்ற நச்சுகள் காற்றில் கலக்கும். சிவப்புப் பையில் போக வேண்டிய குழாயை மஞ்சள் பையில் போடுகிறவர், அந்த நச்சை ஊர்க்காற்றில் சேர்க்கிறார்.

வெள்ளை டப்பா உலோகக் கூர்பொருள்களுக்கானது. ஊசி, அறுவைக் கத்தி, பிளேடு, ஊசியோடு நிலையாகப் பொருத்தப்பட்ட சிரிஞ்சு ஆகியவை இதில் போகும். உள்ளே இருப்பது தெரியும்படி ஒளி ஊடுருவுவதாக, குத்தினாலும் துளைபடாததாக, ஒழுகாததாக, ஒருமுறை மூடினால் திறக்க முடியாததாக அது இருக்க வேண்டும்.

நீலக் குறியிட்ட பெட்டி கண்ணாடிக்கானது. மருந்து எடுத்த ஆம்பூலும் வயலும் இதில் போகும். எரிசூளைக்குள் கண்ணாடி போனால் உருகித் தட்டில் ஒட்டிக்கொண்டு சூளையைக் கெடுக்கும். புற்றுநோய்க்கான செல்நச்சு மருந்து இருந்த வயல் மட்டும் விதிவிலக்கு. அது உரிய எச்சரிக்கைக் குறியுடன் மஞ்சளில்தான் போக வேண்டும்.

தேர்வில் மாணவர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. சாதாரண சிரிஞ்சில் ஊசி வெள்ளையிலும் உடல் சிவப்பிலுமாகப் பிரிந்து போகும். இன்சுலின் சிரிஞ்சில் ஊசியைக் கழற்ற வழியில்லை. முழுதாகவே வெள்ளை டப்பாவுக்குப் போகும். கேனுலா போடும்போது உருவி எடுக்கும் உலோக ஊசி வெள்ளையில் சேரும். பிறகு நோயாளியிடமிருந்து கழற்றும் பிளாஸ்டிக் கேனுலா சிவப்பில் சேரும். சிரிஞ்சு வந்த காகித உறை நோயாளியைத் தொடவில்லை. ஆகவே அது மருத்துவக் கழிவே இல்லை. பொதுக் குப்பைக்குப் போகலாம்.

இங்கே ஒரு தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். பிரிப்பதில் நேரும் பிழைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. கையுறை மஞ்சள் பைக்குப் போனால் சுற்றுச்சூழலுக்குக் கேடு, அது பிழைதான். வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டிய ஊசி எந்தப் பைக்குள் போனாலும் அது ஒரு மனிதரின் உடம்பில் ஏறக் காத்திருக்கிறது. இரண்டுக்கும் அரை மதிப்பெண் குறைத்து ஒரே வரிசையில் வைக்கும் மதிப்பீட்டு முறை மாணவருக்குத் தவறான பாடத்தைக் கற்பிக்கிறது.

பைக்குள் தவறி விழுந்த ஊசி

மஞ்சள் பைக்குள் பஞ்சோடு சேர்ந்து ஓர் ஊசி விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஊசி போட்டவருக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த சில மணி நேரத்தில் தூய்மைப் பணியாளர் ஒருவர் பையின் வாயைத் திரட்டிக் கட்டுவார். இடம் போதவில்லை என்றால் கையால் அழுத்துவார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அது அவருடைய காலில் உரசும். விதிப்படி சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், பை வண்டியேறிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே இன்னும் சிலர் அதைத் தொடுவார்கள்.

இவர்களுக்கு நேரும் காயத்தில் இரண்டு கொடுமைகள் உண்டு. முதலாவது, அந்த ஊசி எந்த நோயாளியுடையது என்று யாராலும் சொல்ல முடியாது; ஆகவே நோயாளியைப் பரிசோதித்து அச்சத்தைத் தீர்க்க வழியில்லை. ஊசியையே எடுத்துச் சோதிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அந்தச் சோதனையின் முடிவை நம்ப முடியாது என்பதாலும், எடுத்துச் செல்பவருக்கு அபாயம் என்பதாலும் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. இரண்டாவது, கல்லீரல் அழற்சி பி வைரஸ் உலர்ந்த இரத்தத்தில் சாதாரண அறை வெப்பத்தில் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். நேற்றைய ஊசி இன்று பாதுகாப்பானதாகிவிடுவதில்லை.

மருத்துவமனைக்கு வெளியே போன ஊசிகளின் கதை இன்னும் கடுமையானது. 2009இல் குஜராத்தின் மொடாசா பகுதியில் கல்லீரல் அழற்சி பி பரவிப் பலர் இறந்தார்கள். பயன்படுத்திய ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் மீண்டும் பயன்படுத்தியதே அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. பயன்படுத்திய சிரிஞ்சுகள் பழைய பொருள் வியாபாரத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்ததும் அப்போது வெளிவந்தது. சிரிஞ்சை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி வெட்டவும் நறுக்கவும் வேண்டும் என்ற விதியின் பின்னால் இத்தகைய இறப்புகள் இருக்கின்றன.

ஊசி வெளியே வந்த பின் சில விநாடிகள்

வார்டில் ஊசிக் குத்துகள் எப்போது நேர்கின்றன என்று பார்த்தால், நோயாளிக்கு ஊசி போடும் கணத்தைவிட அதற்குப் பின் வரும் கணங்களே அதிக அபாயமானவை. ஊசி வெளியே வந்துவிட்டது. ஒரு கையில் பஞ்சு, மறு கையில் ஊசி. நோயாளியின் கையை மடிக்கச் சொல்ல வேண்டும், இரத்தத்தைக் குப்பிக்கு மாற்ற வேண்டும், பெயர்ச் சீட்டு ஒட்ட வேண்டும். டப்பாவோ வார்டின் மறுகோடியில், செவிலியர் மேசைக்கு அடியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் திறந்த ஊசியோடு நடப்பது ஆபத்து என்று இரத்தம் எடுத்தவருக்கே தோன்றுகிறது. ஆகவே மூடியை எடுத்து ஊசியை மூடப் பார்க்கிறார். அந்தக் கணத்தில் மூடியைப் பிடித்த இடது கைச் சுட்டுவிரலில் குத்திக்கொள்கிறார்.

ஊசியைத் திரும்ப மூடாதே என்ற அறிவுரை எல்லாச் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் மூடுகிறார்கள் என்றால், காரணம் பெரும்பாலும் டப்பா இருக்கும் இடம்தான். டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மூட வேண்டிய தேவையே எழாது. ஆகவே கூர்பொருள்களைக் கையாளும் முறை ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. தள்ளுவண்டியிலோ டிரேயோடு சேர்த்தோ வெள்ளை டப்பாவைப் படுக்கையருகே கொண்டுபோக வேண்டும். அதன் வாய் கண்மட்டத்துக்குக் கீழே, உள்ளே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தெரியும்படி இருக்க வேண்டும். முக்கால் பாகம் நிறைந்துவிட்டால் அதை மூடி அப்புறப்படுத்திவிட்டுப் புதியது வைக்க வேண்டும். நிறைந்து வழியும் டப்பாவுக்குள் இன்னோர் ஊசியைத் திணிக்கும்போது, முன்பே உள்ளே நிமிர்ந்து நிற்கும் ஊசி விரலை எதிர்கொள்ளும்.

நோயாளி மயக்கத்திலோ குழப்பத்திலோ இருந்தால், அல்லது குழந்தையாக இருந்தால், கையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் உடனிருக்க வேண்டும். எதிர்பாராமல் அசையும் கை ஊசியைத் தட்டிவிடும். பயன்படுத்தியவரே டப்பாவில் போட வேண்டும். டிரேயில் வைத்துவிட்டுப் போனால், பஞ்சுக் குவியலுக்கு அடியில் கிடக்கும் ஊசியை அடுத்தவரின் விரல்தான் கண்டுபிடிக்கும்.

அரசு மருத்துவமனைகளில் புழங்கும் ஹப் கட்டர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிரிஞ்சின் நுனியைத் துளைக்குள் விட்டுக் கைப்பிடியை அழுத்தினால், ஊசி அதன் பிளாஸ்டிக் அடியோடு வெட்டுண்டு கீழே உள்ள டப்பாவுக்குள் விழும். சிரிஞ்சின் நுனியும் வெட்டுப்படுவதால் அதை மறுபடி பயன்படுத்த முடியாது. மீதியைச் சிவப்புப் பையில் போடலாம். ஊசியைக் கையால் கழற்றும் தேவையை இது நீக்கிவிடுகிறது. குறைகளும் உண்டு. கத்தி மழுங்கினால் ஊசி அரைகுறையாக வெட்டுப்பட்டு வளைந்து நிற்கும். வெட்டும்போது துளி தெறிக்கலாம். டப்பா நிறைந்திருப்பதைக் கவனிக்காமல் அழுத்துபவர்களும் உண்டு. ஒரே அழுத்தில் ஊசி துண்டாகிறதா என்று பணி தொடங்கும்போதே பயன்படுத்தாத ஊசி ஒன்றில் சோதித்துப் பார்ப்பது நல்லது. மின்சாரத்தில் ஊசியை எரிக்கும் கருவி ஊசியின் அடிப்பகுதியில் சிறு முனையை விட்டுவைக்கும். அந்த முனையும் குத்தும். ஆகவே அதன் பிறகும் மீதியைக் கூர்பொருளாகவே கருத வேண்டும்.

வேறு வழியே இல்லாமல் ஊசியை மூட வேண்டி வந்தால் ஒற்றைக் கை முறையைப் பின்பற்ற வேண்டும். மூடியைச் சமமான பரப்பில் கிடத்தி, மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஊசியின் நுனியால் மூடியைக் கோரியெடுத்து நிமிர்த்த வேண்டும். செய்முறைத் தேர்வில் மாணவரின் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூடியின் அருகே அது நகர்ந்தால் அவருக்கு முறை கைவரவில்லை.

அறுவை அரங்கில் இதே கொள்கை வேறு வடிவம் எடுக்கிறது. கத்தியையும் தையல் ஊசியையும் கைமாற்றிக் கொடுக்காமல், நடுவில் ஒரு டிரேயை வைத்து, ஒருவர் வைத்த பின் மற்றவர் எடுக்கிறார். ஒரு கூர்பொருளை இரண்டு கைகள் ஒரே நேரத்தில் தொடாமலிருப்பதே இதன் நோக்கம்.

ஒரு நிகழ்வு, படிப்படியாக

மேலே சொன்ன குத்தையே ஓர் இரவுப் பணியில் வைத்துப் பார்ப்போம். இரண்டாம் ஆண்டு செவிலிய மாணவி. எடை 50 கிலோ. நேரம் அதிகாலை 2.10. காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட நாற்பது வயதுக்காரரிடம் இரத்தம் எடுத்துவிட்டு ஊசியை மூடும்போது, கையுறையைத் துளைத்துக்கொண்டு அது விரலில் ஏறிவிட்டது. சிறு துளி இரத்தம் வருகிறது.

முதலில் அவர் செய்ய வேண்டியது, ஊசியை டப்பாவில் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவது. விரலை அழுத்திப் பிழியக் கூடாது. பிழிந்தால் கிருமி வெளியேறும் என்பதற்குச் சான்றில்லை, திசுதான் நசுங்கும். பழக்கத்தில் விரல் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளீச், ஸ்பிரிட், அயோடின் எதையும் காயத்தில் ஊற்ற வேண்டாம். அவை தோலை அரித்துக் காயத்தை மோசமாக்கும். இரத்தம் கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரோ சலைனோ விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். வாயில் பட்டிருந்தால் துப்பிவிட்டுப் பலமுறை கொப்பளிக்க வேண்டும்.

2.20க்கு அவர் பணியிலுள்ள செவிலியரிடம் சொல்கிறார். "சிஸ்டர், ஊசி குத்திடுச்சு. கழுவிட்டேன். அந்த பேஷன்டுக்கு டெஸ்ட் எதுவும் இன்னும் எடுக்கலை" என்ற மூன்று செய்திகளே முதலில் போதும். கேஷுவாலிட்டியில் உள்ள மருத்துவர் இரண்டு கேள்விகளை எடைபோடுகிறார். காயம் எப்படிப்பட்டது? ஊசியில் இருந்த இரத்தம் யாருடையது?

காயத்தின் தன்மை ஏன் முக்கியம் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சராசரியாக 0.3 சதவீதம், அதாவது ஏறக்குறைய முந்நூறில் ஒன்று. ஆனால் எல்லாக் குத்தும் சராசரிக் குத்து இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1997இல் வெளியிட்ட ஆய்வில், காயம் ஆழமாக இருப்பது, கருவியில் இரத்தம் கண்ணுக்குத் தெரிவது, ஊசி நோயாளியின் இரத்தக் குழாய்க்குள் இருந்திருப்பது, நோயாளி நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பது ஆகிய நான்கும் அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரிந்தது. மாணவியைக் குத்தியது இரத்தக் குழாய்க்குள் இருந்த உட்துளை ஊசி. ஆகவே தசையில் போட்ட ஊசி மேலோட்டமாகக் கீறியதைவிட இது கூடுதல் கவனம் கோருகிறது. அதே ஆய்வில், சிடோவுடின் மருந்தை உட்கொண்டவர்களுக்குத் தொற்று அபாயம் சுமார் 81 சதவீதம் குறைந்திருந்ததும் தெரியவந்தது.

நோயாளியின் நிலை தெரியாது. மருத்துவர் முடிவுக்காகக் காத்திருக்காமல் 3 மணிக்கே தடுப்பு மருந்தின் முதல் மாத்திரையைக் கொடுக்கிறார். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை அது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல்படி, முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும். தேவைப்பட்டால் 28 நாள் தொடர வேண்டும்.

இந்த எண்களின் பின்னால் ஒரு விலங்கு ஆய்வு இருக்கிறது. 1998இல் வெளியான அந்த ஆய்வில், எச்.ஐ.வி.க்கு இணையான வைரஸ் செலுத்தப்பட்ட குரங்குகளுக்கு டெனோஃபோவிர் கொடுத்தார்கள். 24 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் பெற்றவை அனைத்தும் தப்பின. 48 அல்லது 72 மணி நேரம் கழித்துத் தொடங்கியவற்றில் சில தப்பவில்லை. மருந்தைச் சில நாளில் நிறுத்தியபோதும் பாதுகாப்புக் குறைந்தது. தோலுக்குள் நுழைந்த வைரஸ் நிணநீர்க் கணுக்களை அடைந்து பெருக ஓரிரு நாள் ஆகிறது. அந்த இடைவெளியில்தான் மருந்து அதைத் தடுக்க முடியும்.

மாணவியின் இரத்தமும் அதே இரவில் எடுக்கப்படுகிறது. எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி ஆகியவற்றுக்கும் சிறுநீரகச் செயல்பாட்டுக்குமான சோதனைகள் அவை. இவை அவர் ஏற்கெனவே எந்த நிலையில் இருந்தார் என்பதைப் பதிவு செய்கின்றன. அவருக்கே கல்லீரல் அழற்சி பி இருந்தால், தடுப்பு மருந்தை நிறுத்தும்போது கல்லீரல் பாதிப்புத் திடீரென்று கூடலாம். அதனால் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் நம்பிக்கை மைய ஆலோசகர் நோயாளியிடம் நடந்ததைச் சொல்லி, ஒப்புதல் பெற்று, சோதனைக்கு இரத்தம் எடுக்கிறார். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டப்படி ஒப்புதல் கட்டாயம். ஊழியருக்குக் காயம் பட்டது என்பதற்காக நோயாளிக்குத் தெரியாமல் சோதிக்க முடியாது.

முடிவு வருகிறது. எச்.ஐ.வி. இல்லை. கல்லீரல் அழற்சி சி இல்லை. கல்லீரல் அழற்சி பி இருக்கிறது.

இரவு முழுவதும் எல்லாருடைய மனத்திலும் எச்.ஐ.வி. பற்றிய அச்சமே இருந்தது. உண்மையான அபாயமோ வேறிடத்தில் இருந்தது. தடுப்பூசிப் பாதுகாப்பு இல்லாதவரை, கல்லீரல் அழற்சி பி உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. நோயாளிக்கு அண்மையில் தொற்று நேர்ந்திருக்கலாம் என்று ஐயப்படக் காரணம் ஏதும் இல்லாததால், மருத்துவர் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திவிட்டு மாணவியின் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார். 0, 1, 6 மாதங்களில் போட வேண்டிய மூன்று தவணைகளில் இரண்டுதான் போட்டிருக்கிறது. ஆறாம் மாதத்தில் தேர்வு விடுமுறை, மூன்றாவது விட்டுப்போயிற்று. எதிர்ப்பொருள் அளவு பார்க்கப்படவே இல்லை.

ஆகவே இப்போது இரண்டு ஊசிகள் தேவை. ஒன்று, ஆயத்தமாக உள்ள எதிர்ப்பொருளை உடனே தரும் கல்லீரல் அழற்சி பி இம்யூனோகுளோபுலின். கிலோவுக்கு 0.06 மி.லி. என்ற வழக்கமான அளவுப்படி 50 கிலோவுக்கு 3 மி.லி. வரும். தயாரிப்புக்குத் தயாரிப்புச் செறிவு மாறுவதால் குப்பியின் மேல் உள்ள அலகைப் பார்த்தே மருத்துவர் கணக்கிட வேண்டும். முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 7 நாள் கடந்தால் பயன் இருக்குமா என்பது ஐயமே. மற்றொன்று, விட்டுப்போன மூன்றாம் தவணைத் தடுப்பூசி. அதை உடலின் வேறோர் இடத்தில் போட வேண்டும். இம்யூனோகுளோபுலின் வெளியிலிருந்து வந்த எதிர்ப்பொருள் என்பதால், அது மறையும்வரை மாணவியின் சொந்த எதிர்ப்பொருளை அளக்க முடியாது. சுமார் 6 மாதம் கழித்துத் தொற்று வந்ததா என்றும், எதிர்ப்பொருள் போதிய அளவு உண்டானதா என்றும் பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு.

மூன்று தவணையும் முடித்து, கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளந்து, 10க்கு மேல் என்ற சீட்டை அவர் கையில் வைத்திருந்தால், கல்லீரல் அழற்சி பிக்காக அன்று எந்த மருந்தும் தேவைப்பட்டிருக்காது. அந்த ஒரு சீட்டுத்தான் இந்த நிகழ்வின் மிகப் பெரிய பாடம்.

நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்திருந்தால் பாதை வேறு. மாத்திரையை 28 நாள் தொடர வேண்டும். குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். பலர் பாதியில் நிறுத்துவது இதனால்தான். அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பொறுத்துக்கொள்வார்கள். வயிற்று அமில மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடலில் சரியாக ஏறாது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று மறுபரிசோதனை உண்டு. அதுவரை இரத்ததானம் கூடாது. உடலுறவில் ஆணுறை அவசியம்.

கல்லீரல் அழற்சி சிக்குத் தடுப்பு மருந்து கிடையாது. நோயாளிக்கு அது இருந்தால், காயம் பட்டவருக்குச் சில வாரங்கள் கழித்து வைரஸ் சோதனையும், பிறகு எதிர்ப்பொருள் சோதனையும் செய்து கண்காணிப்பார்கள். தொற்று உறுதியானால் சில மாத மாத்திரைச் சிகிச்சையில் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடியும். கண்காணிப்புக்கு வராமல் விட்டுவிட்டால்தான் அது கல்லீரலை மெல்லக் கெடுக்கும்.

சொல்லாமல் விடப்படும் குத்துகள்

இந்த மாணவி பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். எல்லாரும் சொல்வதில்லை. திட்டு விழும், பயிற்சி மதிப்பெண் குறையும், எச்.ஐ.வி. என்ற பேச்சு பரவினால் வீட்டுக்குத் தெரியும் என்ற அச்சங்கள் உண்டு. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு வேலையே போய்விடும் என்ற அச்சமும் உண்டு. இவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் 72 மணி நேரத்திலிருந்து கழிகிறது.

சட்டம் இவர்கள் பக்கம் இருக்கிறது. பணியில் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகக்கூடியவர்களுக்குப் பாதுகாப்புப் பொருள்கள், பயிற்சி, தடுப்பு மருந்து ஆகியவற்றை நிறுவனம் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கழிவைக் கையாளும் அனைவருக்கும் கல்லீரல் அழற்சி பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அனைவரும் என்றால் ஒப்பந்தப் பணியாளரும் மாணவரும் அதில் அடக்கம்.

விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது, கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்தால் அடுத்த குத்தைத் தடுக்க அந்தப் பதிவு உதவாது. என்ன கருவி, எந்த வேலையின் எந்தக் கட்டம், டப்பா எவ்வளவு தூரத்தில் இருந்தது, எவ்வளவு நிறைந்திருந்தது, அப்போது எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்று எழுத வேண்டும். மாணவியின் நிகழ்வில் அப்படி எழுதினால், படுக்கையருகே டப்பா இல்லை என்பதும், மூன்றாம் தவணை விட்டுப்போனதை யாரும் சரிபார்க்கவில்லை என்பதும் தெரியவரும். இரண்டும் நிர்வாகம் ஒரே வாரத்தில் சரிசெய்யக்கூடியவை.

முடிவாக

ஆராய்ந்த அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், விதிகளில் பெரிய குறை இல்லை. நிறங்கள் தெளிவாக இருக்கின்றன, மருந்து இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது. ஊசிக்கும் டப்பாவுக்கும் இடையிலுள்ள தூரமும், குத்துக்கும் புகாருக்கும் இடையிலுள்ள தாமதமும்தான் ஊழியர்களைக் காயப்படுத்துகின்றன. செய்முறைத் தேர்வு அளக்க வேண்டியதும் அவற்றைத்தான்.

ஆசிரியர்களே, மாணவரை ஊசியோடு நிறுத்திவிட்டு முதலில் டப்பாவைத் தேடச் சொல்லுங்கள். நிறங்களை அப்புறம் கேளுங்கள். மாணவர்களே, முதல் வார்டுப் பணிக்குப் போகும் முன் மூன்றாம் தவணையை முடித்து, எதிர்ப்பொருள் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவமனையில் இரவு 2 மணிக்கு எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.